நிலையின் காலடியில் தொடங்குங்கள்

"களியக்காவிளை பக்கம் புது வீடு. ஹாலில் சுவர் க்ரீம், தரை ஐவரி டைல்ஸ், ஸ்கர்ட்டிங் 4 இஞ்ச் டார்க் பிரவுன் டைல். கதவு நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் பலா, பாலிஷும் போடவில்லை, பெயின்டும் அடிக்கவில்லை. படங்களில் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் தூய வெள்ளை அடிக்கலாம் என்கிறான் தம்பி. பலாமரத்தை மூடாதே என்கிறார் அம்மா. அம்மாவுக்குக் கண்ணில் புரை வேறு. என்ன நிறம் கொடுத்தால் வேலை முடிந்த வீடு மாதிரி இருக்கும்?"

முதலில் ஹாலுக்குப் போய் ஏதாவது ஒரு நிலையின் காலடியில் குத்தவைத்து உட்காருங்கள். தரை, ஸ்கர்ட்டிங், நிலை மூன்றும் அங்கேதான் சந்திக்கின்றன. மார்த்தாண்டம், குழித்துறை, அந்தப் பக்கம் பாறசாலை வரைக்கும் நான் பெயின்டும் பாலிஷும் ஒப்பந்தத்துக்கு எடுத்து 24 வருஷம் ஆகிறது. நிறம் தேர்ந்தெடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஷேடு கார்டைச் சுவரின் நடுவில், கண் மட்டத்தில் பிடித்துத்தான் பார்க்கிறார்கள். அந்த உயரத்தில் எல்லா நிறமும் எல்லா நிறத்தோடும் ஓரளவு ஒத்துப்போகும். வீடு முடிந்ததா முடியவில்லையா என்று காட்டிக்கொடுப்பது கீழே இருக்கிற அந்த மூலைதான்.

உங்கள் ஸ்கர்ட்டிங் ஹாலைச் சுற்றி ஓடுகிற ஒரு கருங்கோடு. வெளிர் தரைக்கும் வெளிர் சுவருக்கும் நடுவில் அது மட்டும் அடர்த்தியாக இருப்பதால் கண் அதைப் பிடித்துக்கொண்டே போகும். போய்க்கொண்டிருக்கும்போது ஒரு வாசல் வருகிறது. நிலையும் ஓரளவு அடர்ந்த நிறமாக இருந்தால், கோடு அங்கே மேலே ஏறி, கதவைச் சுற்றி வளைந்து, மறுபக்கம் இறங்கி, மறுபடி ஸ்கர்ட்டிங்காக ஓடும். நிலை வெள்ளையாக இருந்தால் அந்தக் கோடு வாசலுக்கு வாசல் பொட்டென்று அறுந்து நிற்கும். உங்கள் ஹாலில் மூன்று வாசல் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஆறு இடத்தில் அறுபடும். ஸ்கர்ட்டிங் ஒட்டிக்கொண்டே வந்த கொத்தனார் பாதியில் எழுந்து போனதுபோல இருக்கும்.

தம்பி காட்டுகிற படங்களில் வெள்ளை ஏன் அழகாக இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம். அந்த வெளிநாட்டு வீடுகளில் ஸ்கர்ட்டிங் பெரும்பாலும் மரப்பலகை. நிலையைச் சுற்றி இருக்கும் அலங்காரச் சட்டமும் மரம். இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஒரே பெயின்ட். வெள்ளைக் கோடு எங்கேயும் அறுபடாமல் ஓடுகிறது. நமக்கு ஸ்கர்ட்டிங் டைலோ கிரானைட்டோ. ஈரத்துணியால் தரை துடைக்கிற நாட்டில் அதுதான் சரி. ஆனால் அதன் நிறம் டைல்ஸ் வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிட்டது. நாம் தேர்ந்தெடுக்க மிச்சம் இருப்பது நிலையும் ஜன்னலும் சுவரும்தான். அதனால் கீழே கிடக்கிற நிறத்தோடு நிலை பேச வேண்டும், நிலையோடு சுவர் பேச வேண்டும். இந்த வரிசை தலைகீழாகப் போகும்போதுதான் பிரச்சினை வருகிறது. உங்கள் ஸ்கர்ட்டிங் தரையைப் போலவே ஐவரியாக இருந்திருந்தால் தம்பி சொல்கிற வெள்ளை நிலைக்கு நானும் தலையாட்டியிருப்பேன்.

டைல் ஸ்கர்ட்டிங்குக்கும் வெள்ளை பெயின்ட் அடித்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். அடிக்கலாம், தங்காது. வழுவழுப்பான டைல் மேல் சாதாரண ப்ரைமர் பிடிக்காது. எபாக்ஸி ப்ரைமர் போட்டாலும் தினமும் மாப் இடிக்கிற இடம், கட்டில் கால் உரசுகிற இடம். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தால் உள்ளே பிரவுன் தெரியும், அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

சரி, நிலைக்கு அடர்ந்த நிறம் என்றால் எவ்வளவு அடர்த்தி? ஸ்கர்ட்டிங் டைலின் அதே பிரவுனைப் பாலிஷில் கொண்டுவரச் சொல்லி என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முயலாதீர்கள். டைல் ஒரே சீரான நிறம், மரத்தில் ரேகை ஓடும். டைல் ஒருவிதமாகப் பளபளக்கும், மரம் வேறுவிதமாக. எவ்வளவு நெருங்கினாலும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும். அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து, ஏனென்றால் ஒத்துப்போக நினைத்துத் தவறிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஸ்கர்ட்டிங்கைவிட நன்றாக ஒரு படி வெளுப்பாக, ஆனால் அதே சூட்டுக் குடும்பத்தில் நிறுத்துங்கள். ஸ்கர்ட்டிங் காப்பிக்கொட்டை நிறம் என்றால் நிலை தேனுக்கும் கருப்பட்டிக்கும் இடையில். இரண்டும் வேறு வேறு, ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தால் போதும்.

இங்கே பலாமரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் அம்மா சொல்வதில் பாசம் மட்டும் இல்லை, விஷயமும் இருக்கிறது. பலா இழைத்த புதிதில் பளீரென்ற மஞ்சள். க்ரீம் சுவருக்குப் பக்கத்தில் இந்த மஞ்சளை இன்று பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து, ஏதோ சோகை பிடித்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலபேர் பெயின்டுக்குப் போகிறார்கள். ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் பலா தானாகவே கருக்கும். மஞ்சள் பொன்னிறமாகி, சில வருஷத்தில் செம்பழுப்புக்கு வந்துவிடும். பழைய தறவாட்டு வீடுகளில் கிட்டத்தட்ட தேக்கைவிட அடர்ந்த பலாக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை புதிதாக இருந்தபோது உங்கள் நிலை மாதிரியே மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். அதனால் இன்றைக்கு இருக்கிற நிறத்தை வைத்து முடிவெடுத்தால் தப்பாகும். எங்கே போய் நிற்கும் என்பதை நினைத்து முடிவெடுக்க வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் ஸ்டெயின் கொடுத்து இப்போதே ஒரு படி கருக்க வைக்கலாம். அப்படிச் செய்கிறபோது வால்நட் போன்ற ஆகக் கடைசி ஷேடுக்குப் போக வேண்டாம். மரம் அடியில் தானாகவும் கருக்கும், இரண்டும் சேர்ந்து சில வருஷத்தில் கரிக்கட்டையாகிவிடும்.

பலாவின் மேல் வெள்ளை அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கைப்பட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். ஒரு வீட்டுக்காரர் வெள்ளை கேட்டார். வாடை வராது, சீக்கிரம் உலரும் என்று தண்ணீரில் கலக்கும் ப்ரைமரும் அதே வகை எனாமலும் போட்டுக் கொடுத்தேன். சாவி கொடுத்த அன்று பால் மாதிரி இருந்தது. ஆனி ஆடி மழை தொடங்கி ஒரு மாதத்தில் கூப்பிட்டார். நிலையில் அங்கங்கே மஞ்சள் கறை, வெள்ளை வேட்டியில் மஞ்சள்தூள் கொட்டின மாதிரி. மேலே இன்னொரு கோட் அடித்தேன், ஒரு வாரத்தில் அதையும் தாண்டி வந்துவிட்டது. பலாவின் வைரத்தில், அதாவது நடுமரத்தில் இருக்கிற மஞ்சள் சாயம் தண்ணீரில் கரைந்து மேலே ஏறுகிற சாயம். புத்த பிக்குகளின் துணிக்குச் சாயம் போடவே பலாக்கட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தண்ணீர் ப்ரைமர் அந்தச் சாயத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் வகை மர ப்ரைமர் இரண்டு கோட் கொடுத்து, அதன் மேல் வெள்ளை அடித்துச் சரிசெய்தேன். கூலி என் கையிலிருந்து போனது.

அதனால் பலாவின் மேல் எந்த இடத்தில் வெளிர் நிறம் அடித்தாலும் அடியில் எண்ணெய் வகை ப்ரைமர், அல்லது கறை தடுக்கிற ப்ரைமர். இதில் சந்தேகமே இல்லை. மேல் கோட் வெள்ளையாக இருந்தால் அதற்கு மட்டும் தண்ணீர் வகை எனாமல் நல்லது. எண்ணெய் வகை வெள்ளை எனாமல் நாள்பட நாள்பட தானாகவே மஞ்சளாகும். அதிலும் வெயில் படாத இடத்தில், திரைச்சீலைக்குப் பின்னால், பீரோவின் மறைவில்தான் அதிகம் மஞ்சளாகும். ஒரே சட்டத்தில் பாதி வெள்ளை, பாதி மோர் நிறம் என்று நிற்கும். அடியில் எண்ணெய் வகை, நன்றாக உலரவிட்டு லேசாகத் தேய்த்து, மேலே தண்ணீர் வகை. வரிசை இதுதான்.

உங்கள் அம்மாவின் கண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நிற விஷயத்தில் அது ஒரு கறாரான அளவுகோல், எனக்கு அது பிடிக்கும். புரை உள்ளவர்களுக்கு நிறங்களின் வித்தியாசத்தைவிட வெளிச்சம், அடர்த்தி வித்தியாசம்தான் பிடிபடும். பெயின்ட் கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி. என்று ஒரு எண் வைத்திருக்கின்றன. விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கான எண், கறுப்பு பூஜ்யத்துக்குப் பக்கம், தூய வெள்ளை 100க்குப் பக்கம். சில ஷேடு கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கடையில் கேட்கலாம். பார்வை மங்கியவர்கள் உட்பட எல்லோரும் தடையில்லாமல் புழங்கத்தக்க கட்டடங்களுக்கான பிரிட்டிஷ் தர விதி பி.எஸ். 8300, அடுத்தடுத்த பரப்புகளுக்கு நடுவில் இந்த எண் 30 வித்தியாசப்பட வேண்டும் என்கிறது. உங்கள் க்ரீம் சுவர் சுமாராக 75 இருக்கும். வெள்ளை நிலை 85 அல்லது 90. வித்தியாசம் 15ஐத் தாண்டாது. சாயங்காலம் விளக்குப் போடுவதற்கு முன்னால் அம்மாவுக்குச் சுவர் எங்கே முடிகிறது, வாசல் எங்கே தொடங்குகிறது என்று சரியாகத் தெரியாது. தேன் நிறப் பலா என்றால் நிலை 35க்குப் பக்கத்தில் நிற்கும், வித்தியாசம் 40. நான் சொல்கிற எண்கள் கண்மதிப்புதான், உங்கள் ஷேடின் எண்ணைக் கடையில் வாங்கிச் சரிபாருங்கள். எண் கிடைக்காவிட்டால் போனில் ஹாலைப் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒரே படத்துக்குள் நிலையும் சுவரும் பிரிந்து தெரிந்தால் சரி. இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் கண்ணுக்குப் பிரியாது.

ஜன்னலுக்கு வேறு நியாயம். அங்கே தம்பி பக்கம் நான் பாதிதூரம் வருவேன். ஜன்னல் ஸ்கர்ட்டிங்கைத் தொடுவதில்லை. அதனால் அந்தக் கோட்டை அது அறுக்காது. அது தொடுவது வெளிச்சத்தை. பகலில் உள்ளேயிருந்து பார்க்கும்போது ஜன்னல் சட்டத்தின் பின்னால் வானம் இருக்கிறது. பின்வெளிச்சத்தில் எந்தச் சட்டமும் அதன் நிறத்தைவிட இருண்டுதான் தெரியும். தேன் நிறப் பலா அங்கே கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும், வெள்ளை லேசான சாம்பலாகத் தெரியும். நம் பக்கத்தில் ரப்பர், வாழை, தென்னை என்று வீட்டைச் சுற்றி மரங்கள். உள்ளே வருகிற வெளிச்சமே குறைவு, வருவதும் இலையில் பட்டுப் பச்சை ஏறித்தான் வருகிறது. அந்த வீட்டில் ஜன்னல் சட்டத்தை இருட்டாக்கினால் ஜன்னல் ஒரு சுற்றுச் சிறுத்துப்போகும். அதனால் ஜன்னலை வெளிராக விடுவதில் தப்பில்லை. கதவு மரநிறம், ஜன்னல் வெளிர் என்றால் பொருந்தாமல் போகுமே என்று கேட்பார்கள். ஒரு ஹாலில் எல்லாக் கதவும் ஒரு விதம், எல்லா ஜன்னலும் ஒரு விதம் என்று இருந்தால் பொருந்தும். ஒரு ஜன்னல் மட்டும் மரநிறத்தில் நின்றால்தான் உறுத்தும். கதவும் ஜன்னலும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வருகிற இடம் இருந்தால், அது முழுவதும் கதவின் கணக்கு.

ஆனால் தூய வெள்ளை வேண்டாம். க்ரீமுக்குப் பக்கத்தில் நீலம் கலந்த தூய வெள்ளையை வைத்தால் சுவர் அழுக்காகத் தெரியும். புதிதாக அடித்த சுவரைப் பார்த்து ஏன் இப்படி மங்கிக் கிடக்கிறது என்று கேட்கிற வீடுகளில் பாதிக்குக் காரணம் பக்கத்தில் இருக்கிற அந்த வெள்ளைதான். உங்கள் சுவர் ஷேடின் கார்டில், அதே வரிசையில் ஆக மேலே இருக்கிற, கிட்டத்தட்ட வெள்ளை என்று சொல்லத்தக்க ஷேடை எடுங்கள். சுவரின் மஞ்சளில் ஒரு துளி அதிலும் இருக்கும், இரண்டும் சண்டை போடாது. ஜன்னலுக்கு உள்பக்கம் சுவரின் கனத்தில் கிடைக்கிற அந்த நான்கைந்து இஞ்ச் பக்கச் சுவருக்கும் இதே ஆஃப் ஒயிட்டையே அடியுங்கள், சுவர் க்ரீமை அங்கே மடிக்க வேண்டாம். பளிச்சென்ற ஜன்னலுக்கும் அதன் பக்கத்தில் இருண்டு தெரிகிற சுவருக்கும் நடுவில் அது ஒரு படிக்கட்டு மாதிரி நின்று கண்கூச்சத்தைக் குறைக்கும், வெளிச்சத்தையும் உள்ளே தள்ளும். க்ரீம் நிற்க வேண்டிய இடம் சரியாக அந்த முனை. இரும்புக் கம்பி கறுப்பாகவே இருக்கட்டும். கம்பிக்கும் வெள்ளை அடித்தால் வெயில் அதில் பட்டு மின்னி, பார்வை வெளியே போகாமல் கம்பியிலேயே நின்றுவிடும். கறுப்புக் கம்பி இரண்டு நாளில் கண்ணுக்கு மறைந்துவிடும்.

மினுமினுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நிலைக்கு முழுப் பளபளப்பு வேண்டாம், சாட்டின் என்கிற அரைப் பளபளப்பு போதும். முழு கிளாஸ் போட்டால் ஆசாரியின் இழைப்புளி ஓடிய தடம், லப்பம் அடைத்த இடம், மூலைப் பொருத்து எல்லாம் குழல்விளக்கில் வரி வரியாகத் தெரியும். சுவர் மங்கலாக, நிலை சாட்டினாக இருந்தால் நிறம் நெருக்கமாக இருந்தாலும் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இனி நிறத்துக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு விஷயம். என் கணக்கில் முடிந்த வீடு என்ற தோற்றத்துக்கு நிறத்தைவிட இதுதான் காரணம். மறுபடியும் நிலையின் காலடிக்கே வாருங்கள். ஸ்கர்ட்டிங் டைல் சுவர்ப் பூச்சைவிட முக்கால் இஞ்ச்சுக்குக் கிட்டே வெளியே துருத்தி நிற்கும். நிலை பூச்சின் மட்டத்தில் இருக்கும். அதனால் டைலின் வெட்டுமுகம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேலே பிரவுன் பூச்சு, வெட்டுமுகத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை அல்லது செம்மண் நிறம். வாசலுக்கு இரண்டு வெட்டுமுகம், ஒவ்வொன்றும் 4 இஞ்ச் உயரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. யாருக்கும் என்னவென்று சொல்லத் தெரியாது, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும். கல் வைத்து அந்த விளிம்பை லேசாகச் சாய்வாகத் தேய்த்து, தூசி துடைத்து, டைலுக்கு நெருங்கிய பிரவுன் எனாமலைச் சின்ன பிரஷால் இரண்டு முறை தொட்டுவிடுங்கள். இங்கே பெயின்ட் தாங்குமா என்றால், தாங்கும். வெட்டுமுகம் வழுவழுப்பில்லாதது, பெயின்டைப் பிடித்துக்கொள்ளும். நூறு மில்லி டப்பா வீடு முழுவதற்கும் மிஞ்சும்.

அப்படியே ஸ்கர்ட்டிங்கின் மேல்விளிம்பைப் பாருங்கள். டைலுக்கும் சுவருக்கும் நடுவில் சிமென்ட் பிசிறு, அதன் மேல் பட்டி, அதன் மேல் பெயின்ட் சொட்டு என்று ஒரு மலைத்தொடர் இருக்கும். பிளேடால் சுரண்டி டைலைச் சுத்தம் செய்து, சந்தில் அக்ரிலிக் சீலன்ட் ஒரு நூல் இழுத்து, விரலால் வழித்து, டேப் ஒட்டிச் சுவர் நிறத்தை நேர்கோட்டில் நிறுத்துங்கள். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவிலும் இதே வேலை. அங்கே ஒரு கீறல் கட்டாயம் வரும். மழையில் மரம் உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும், பூச்சு அசையாது. சிலிக்கான் சீலன்ட் வாங்கிவிடாதீர்கள், அதன் மேல் பெயின்ட் நிற்காது. டப்பாவில் பெயின்ட் அடிக்கக்கூடியது என்று எழுதியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பியிருக்கும்போது பாலிஷ் போட்டு முடித்தால் கோடையில் அது சுருங்கி, விளிம்பில் பாலிஷ் படாத ஒரு மஞ்சள் நூல் வெளியே எட்டிப்பார்க்கும். முடிந்தால் தை மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். பூச்சின் விளிம்பு கோணலாக இருந்தால் டேப்பால் நேராக்க முடியாது. ஆசாரியை விட்டு அதே பலாவில் முக்கால் இஞ்ச் பீடிங் அடித்து, நிலையோடு சேர்த்துப் பாலிஷ் போடுவதே வழி.

உங்கள் ஹாலுக்கு மொத்தமாகச் சொல்கிறேன். 14க்கு 12 அடி, மூன்று வாசல், இரண்டு ஜன்னல் என்று வைத்துக்கொள்கிறேன். நிலை மூன்றும் கதவும் தேன் நிறத்துக்கு லேசான ஸ்டெயின், அதன் மேல் சாட்டின் பி.யூ. வார்னிஷ் அல்லது பாலிஷ். நிலையின் கடைசி ஆறு இஞ்ச்சுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதல், தரை துடைக்கிற தண்ணீர் அங்கேதான் ஊறும். ஜன்னல் சட்டமும் பலகையும் எண்ணெய் ப்ரைமர் இரண்டு கோட், மேலே ஆஃப் ஒயிட் தண்ணீர் எனாமல் இரண்டு கோட். 5க்கு 4 அடி ஜன்னல் இரண்டென்றால் இரு பக்கமும் சேர்த்து மேல் கோட்டுக்கு இரண்டு லிட்டர் தாராளம். நிறத்தைக் கடை மெஷினில் கலக்குவதால் மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாங்குகிற டப்பா ஒரு நூல் மாறினாலும் ஒரே ஜன்னலில் இரண்டு வெள்ளை தெரியும். சுவர் க்ரீம் அப்படியே இருக்கட்டும். கூரைக்கும் ஜன்னலுக்கு அடித்த அதே ஆஃப் ஒயிட்.

இதில் எனக்கு உறுதி எது, சந்தேகம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடு அறுபடுவது, பலா சாயம் ஏறுவது, எண்ணெய் வெள்ளை மஞ்சளாவது, இவை நூறு வீட்டில் பார்த்தவை. தேன் நிறமா இன்னும் ஒரு படி அடர்த்தியா என்பதை இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஸ்டெயின் ஒரே டப்பாவாக இருந்தாலும் மரத்துக்கு மரம் வேறு மாதிரி இறங்கும். ஒரே பலாவின் வைரமும் வெளிமரமும்கூட ஒன்றுபோல் குடிக்காது. அதனால் ஆசாரியிடம் அதே மரத்தின் ஓரடித் துண்டு இரண்டு மூன்று வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஷேடு முழு வேலையாகப் போட்டு, மேல் கோட் வரை முடித்து, நிலையின் காலடியில் ஸ்கர்ட்டிங்கை ஒட்டி நிறுத்துங்கள். காலை எட்டு மணிக்கு, மழை மூடிய மதியத்தில், இரவு விளக்கில் என்று மூன்று முறை பாருங்கள். இரவில் பார்க்கும்போது எந்த பல்பு என்பதும் கணக்கு. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யில் தேன் நிறம் செத்துப்போய் சாம்பல் ஏறும், க்ரீமில் பச்சை தெரியும். 3000 அல்லது 4000 கெல்வின் போட்டால் இரண்டும் உயிரோடு இருக்கும். வெள்ளை பல்புதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால் ஸ்டெயினை ஒரு படி சிவப்புப் பக்கம் நகர்த்துங்கள்.

இன்னொன்று. ஸ்கர்ட்டிங்குக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பெயின்ட் பொரிந்தோ வெள்ளையாக உப்புப் பூத்தோ இருந்தால் நான் மேலே சொன்னது எதையும் தொடங்க வேண்டாம். அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்குப் பெயின்டரைவிட முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.